கரை எங்கே முடிகிறது? அகன்ற தோளுக்கும் ஒடுங்கிய இடுப்புக்கும் ஒரு கண்டாங்கி

காரைக்குடியில் சிறிய தையற்கடை வைத்திருக்கிறேன். அகன்ற தோளும் ஒடுங்கிய இடுப்பும் கொண்ட பெண்கள் கடைக்கு வந்தால் அவர்கள் சொல்லும் முதல் குறையிலேயே எனக்குப் புரிந்துவிடும். “தோளுக்குச் சரியாக இருக்கும் சுடிதார் கீழே தொளதொளவென்று தொங்குகிறது, இடுப்புக்குப் பார்த்து வாங்கினால் கையைத் தூக்க முடியவில்லை” என்பார்கள். ஃபேஷன் பத்திரிகைகள் இதைத் தலைகீழ் முக்கோண உடல்வாகு என்கின்றன. நீச்சல், வாலிபால், கபடி என்று விளையாடி வளர்ந்தவர்களிடம் இது எடுப்பாகத் தெரியும். ஆனால் பலருக்கு எலும்பமைப்பே இப்படித்தான். எடையைக் குறைத்தாலும் தோள் எலும்பு குறுகிவிடாது.

இவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: வி கழுத்து வையுங்கள், பஃப் கை வேண்டாம், பாவாடை விரிவாக இருக்கட்டும். மூன்றும் சரிதான். ஆனால் அந்த வி எவ்வளவு சரிவாக இறங்க வேண்டும், கை எந்த மட்டத்தில் முடிய வேண்டும், பாவாடையின் விரிவு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. தைத்து வந்த உடை கண்ணாடி முன் ஏமாற்றுவது அங்கேதான். இரண்டு அங்குலம் மேலே போனால் தோள் இன்னும் அகலமாகத் தெரிகிறது; இரண்டு அங்குலம் கீழே வந்தால் இடுப்பு நிரம்புகிறது. அண்மையில் ஒரு பெண்ணுக்குக் கண்டாங்கிச் சேலையிலிருந்து பாவாடையும் அதற்கு ஏற்ற ரவிக்கையும் தைத்துக் கொடுத்தேன். அந்த வேலையை அப்படியே விவரித்தால் நான் சொல்ல வருவது விளங்கும்.

அளவுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்கிறேன். இக்கட்டுரையில் இடை என்றால் பாவாடை நாடா கட்டும் இடம். இடுப்பு என்றால் அதற்கு ஏழெட்டு அங்குலம் கீழே, உட்காரும் பகுதி அதிக அகலமாக இருக்கும் இடம். பல கடைகளில் இரண்டையும் இடுப்பு என்றே சீட்டில் எழுதிவிடுகிறார்கள். இந்த உடல்வாகுக்கு அந்தக் குழப்பம் ஆகாது.

கல்லூரியில் பாடம் நடத்தும் பெண் அவர். முன்பு மாவட்ட அளவில் வாலிபால் ஆடியவர். பள்ளத்தூரில் அவருடைய பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். அப்பத்தா தந்த கண்டாங்கி ஒன்று பெட்டியில் இருந்தது. கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கட்டம், இருபுறமும் கை அகலத்துக்கு அரக்குக் கரை. “அக்கா, இதைச் சேலையாகக் கட்டினால் எனக்குத் தோள்தான் முன்னால் போகிறது. பாவாடை, ரவிக்கை, துப்பட்டாவாகத் தைத்துத் தருவீர்களா?” என்று கேட்டார். அப்பத்தாவிடம் அனுமதி வாங்கிவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் துணியைக் கையில் எடுத்தேன். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பே எங்கள் ஊரில் பழைய கைத்தறிச் சேலையைப் பெரியவர்களைக் கேட்காமல் யாரும் கத்தரிப்பதில்லை.

அவருடைய அளவுகள்: பின்பக்கம் தோள் நுனியிலிருந்து தோள் நுனிவரை 16½ அங்குலம், மார்பு 37, இடை 31, இடுப்பு 35. எண்களை மட்டும் பார்த்தால் தோளையும் இடுப்பையும் ஒப்பிட முடியாது. ஒன்று நேர்க்கோட்டு அகலம், மற்றது சுற்றளவு. அதனால் நான் வேறொரு வழியில் பார்ப்பேன். தையல் நூலின் நுனியில் ஒரு சாவியைக் கட்டி, தோள் எலும்பு முடியும் இடத்தில் மறுநுனியைப் பிடித்துத் தொங்கவிடுவேன். சாவி ஆடி நின்றதும் நூலுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் பார்ப்பேன். இருவர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். நூல் இடுப்பைத் தொட்டு நின்றால் தோளும் இடுப்பும் சமம். நூல் இடுப்பில் மோதி வெளியே தள்ளப்பட்டால் இடுப்பு அகலம். இவருக்கு ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 1¾ அங்குலம் இடைவெளி இருந்தது. அரை அங்குலத்துக்குள் இருந்தால் நான் கவலைப்படவே மாட்டேன். துணியின் இயல்பான தடிப்பே அதை நிரப்பிவிடும். ஒன்றரைக்கு மேல் போனால்தான் வெட்டிலேயே வேலை இருக்கிறது.

இந்த 1¾ அங்குலம்தான் பாவாடை நிரப்ப வேண்டிய இடம். அதுவும் பக்கவாட்டில். முன்னால் வயிற்றின் மேல் துணி குவிந்து ஒரு பயனும் இல்லை.

விரிவான பாவாடை என்றதும், மேலே குறுகிக் கீழே விரியும் கலித் துண்டுகளை இணைத்துத் தைப்பதையோ முழுவட்டமாக வெட்டுவதையோதான் பலர் நினைக்கிறார்கள். முழுவட்டத்துக்கு இந்தச் சேலையில் துணி போதும். 31 அங்குல இடைக்கு உள்வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 5 அங்குலம். பாவாடை நீளம் 39 சேர்த்தால் 44. சேலையின் அகலம் 47 அங்குலம் இருந்ததால் இரண்டு அரைவட்டங்களை நீளவாக்கில் வெட்டி இணைத்துவிடலாம். ஆனால் வெட்டினால் இரண்டு நட்டங்கள். முதலாவது, வட்டத்தின் விளிம்பில் கரை வராது. கண்டாங்கியின் முகமே கரைதான். இரண்டாவது நட்டம்தான் இந்த உடல்வாகுக்குப் பெரியது. வட்டப் பாவாடை இடையில் சுருக்கமே இல்லாமல் வழுவழுப்பாக விழும். அதன் விரிவு தொடைக்குக் கீழேதான் தெரியும். இடுப்பு மட்டத்தில் துணி உடலோடு ஒட்டிக்கொண்டு போகும். ஆக, ஒடுங்கிய இடுப்பு ஒடுங்கியே தெரியும், கால் பக்கம் மட்டும் விரியும். கலி வைத்த பாவாடையும் பெரும்பாலும் இப்படியே. மெலிந்த இடுப்புக்காரர்கள் பலர் விலை உயர்ந்த லெஹங்கா வாங்கிவிட்டு, விரிவாகத்தானே இருக்கிறது, பிறகும் ஏன் சரியாக இல்லை என்று கேட்பதன் காரணம் இதுதான்.

யோக் வைத்த பாவாடை இன்னும் மோசம். இடையிலிருந்து ஆறு, ஏழு அங்குலம் இறுக்கமான பட்டை வைத்து, அதன் கீழே சுருக்கு வைப்பார்கள். அகன்ற இடுப்புக்காரர்களுக்கு அது வரம். ஒடுங்கிய இடுப்புக்காரர்களுக்கு அந்தப் பட்டை இடுப்பின் ஒடுக்கத்தை அச்சாக எடுத்துக் காட்டும். பட்டை வேண்டுமென்றால் ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்துங்கள். சுருக்கு இடையிலேயே தொடங்கி, மடிப்பைக் கீழே தைத்து மூடாமல் விட்டால், துணி இடுப்பைத் தாண்டும்போது வெளியே தள்ளி நிற்கும்.

ஆனால் 31 அங்குல இடையைச் சுற்றிலும் ஒரே சீராகச் சுருக்கினால் வயிறும் சேர்ந்து உப்பும். அதனால் இடையை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டேன். உடம்போடு ஒட்டாதிருக்க ஓர் அங்குலம் சேர்த்து மொத்தம் 32. முன்பக்கம் நடுவில் 8 அங்குலம் சுருக்கே இல்லாமல் தட்டையாக இருக்கும். அதற்கு 8 அங்குலத் துணி போதும். பின்பக்கம் நடுவில் 8 அங்குலத்துக்கு 20 அங்குலத் துணியைச் சுருக்கினேன். மீதி இருப்பது பக்கத்துக்கு எட்டு எட்டு அங்குலம். அங்கேதான் துணியைக் கொட்டினேன்: ஒவ்வொரு பக்கத்துக்கும் 28 அங்குலம். கூட்டினால் 84 அங்குலம். தையலுக்கு விடும் துணியோடு 2.2 மீட்டர். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் துப்பட்டாவுக்கு முந்தானையோடு 2.5 மீட்டர் எடுத்த பிறகும் 80 சென்டிமீட்டர் மிஞ்சியது.

கீழ் விளிம்பு வெறும் 84 அங்குலம்தானா, இரண்டு மீட்டர் சொச்சம் போதுமா என்று அவரே கேட்டார். சேலை முழுவதையும் இடையில் சுருக்கித் தைக்கக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 216 அங்குலத் துணியை 32 அங்குலத்துக்குள் திணித்தால் ஏறக்குறைய ஏழு மடங்கு. கைத்தறிப் பருத்தியில் அது இடையில் தடிமனான வளையமாக உட்கார்ந்துவிடும். இருக்கும் இடையும் மறையும். இடை மறைந்தால் தோளிலிருந்து கீழ்வரை ஒரே அகலம்தான். நாம் தேடுவது இடை உள்ளே போய், அதற்குக் கீழே இடுப்பு வெளியே வரும் தோற்றம். அதற்குப் பக்கங்களில் மூன்றரை மடங்கு போதும். இதற்கே தையல் இயந்திரத்தின் ஊசி திணறும். அதனால் சுருக்குக்குப் பதிலாக அரை அங்குல மடிப்புகளாக, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி, முன்னிருந்து பின்னோக்கித் திருப்பி வைத்தேன். இஸ்திரிப் பெட்டியால் மடிப்பின் மேல் இரண்டு அங்குலத்தை மட்டும் அழுத்தினேன். முழு நீளத்துக்கும் மடிப்பைத் தேய்த்துப் படிய வைத்துவிட்டால் பக்கம் தட்டையாகி, செய்த வேலை வீணாகும்.

கண்டாங்கி இங்கே பெரிய துணை. அதன் நூல் சற்றுத் தடிமன், நெசவில் ஒரு விறைப்பு உண்டு. ஷிஃபானிலோ ஜார்ஜெட்டிலோ இதே 28 அங்குலத்தை வைத்தால் தொய்ந்து காலோடு விழுந்துவிடும். அந்தத் துணிகளுக்கு உள்ளே விறைப்பான பருத்தி உள்பாவாடை கட்டாயம் வேண்டும். கைத்தறியை வெட்டுமுன் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்திவிடுங்கள். சுருங்குவது வெட்டுக்கு முன் சுருங்கட்டும். பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய சேலையானால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மடிப்பு ஓடிய கோடுகளைப் பாருங்கள். இழை அங்கே நைந்திருந்தால் அந்தப் பகுதியைச் சுருக்கு விழும் இடத்தில் வைக்கக் கூடாது. மடிப்பின் தையல் இழுக்கும்போது அதுதான் முதலில் கிழியும்.

பாவாடை நீளம் 39 அங்குலம் போக, சேலையின் 47 அங்குல அகலத்தில் மேலே எட்டு அங்குலம் மிஞ்சும். அதில் தையலுக்கு ஓர் அங்குலம் போனால் ஏழு அங்குலப் பட்டை, மேல் கரையோடு, 2.2 மீட்டர் நீளத்துக்கு. வெட்டும் மேசையில் அந்த அரக்குக் கரையைப் பார்த்ததுமே, “கைக்கு வைத்துவிடுங்கள்” என்றார் அவர். வைக்கலாம். எந்த மட்டத்தில் வைப்பது என்பதுதான் இந்த உடையிலேயே நான் அதிக நேரம் யோசித்த விஷயம்.

நம் ஊரில் பட்டு ரவிக்கையோ பருத்தி ரவிக்கையோ, கரை வந்து விழுவது பெரும்பாலும் குட்டைக் கையின் விளிம்பில். கையைத் தொங்கவிட்டு நின்றால் அந்த விளிம்பு மார்பின் மட்டத்துக்கு வருகிறது. ஒரு கையின் கரை, நடுவே மார்பு, மறு கையின் கரை என்று மூன்றும் சேர்ந்து குறுக்கே ஒரே கோடாகிவிடும். உடலிலேயே அதிக அகலமான இடத்தில் அடர்ந்த நிறத்தில் ஒரு குறுக்குக் கோடு! பஃப் கை வைக்காமலே, கழுத்து சரியாக இருந்தும், ரவிக்கை தோளை அகலமாகக் காட்டுகிறது என்றால் முதலில் கைக் கரையைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுவாகத்தான் இருக்கும்.

கையைத் தொங்கவிட்டால் முழங்கை ஏறக்குறைய இடையின் மட்டத்தில் இருக்கும். மணிக்கட்டு இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும். முக்கால் கை இந்த இரண்டுக்கும் நடுவில் முடிகிறது. கரையை அங்கே கொண்டுபோனால் குறுக்குக் கோடு மார்பை விட்டு இறங்கி, இடைக்குக் கீழே, பாவாடையின் பக்க மடிப்புகள் வெளியே தள்ளத் தொடங்கும் இடத்தில் போய் நிற்கிறது. ஒடுங்கிய இடத்தில் விழுவதால் அதே கோடு இப்போது அகலத்தைக் கூட்டித் தருகிறது. இவருக்கு முக்கால் கை நீளம் தோள் நுனியிலிருந்து 17 அங்குலம். ஏழு அங்குலப் பட்டையிலிருந்து இரண்டு அங்குலக் கரையை மட்டும் எடுத்து விளிம்பில் வைத்தேன். கை விளிம்பை இறுக்காமல் ஓர் அங்குலம் தளர்வாக விட்டேன். இன்னும் துணிவுள்ளவர்கள் முழங்கைக்குக் கீழே மணிபோல் விரியும் கை வைக்கலாம். அதன் விரிவும் இடுப்பு மட்டத்தில்தான் விழும். மே மாதத்துக் காரைக்குடி வெயிலில் முக்கால் கையா என்று கேட்டால், ரவிக்கைத் துணி மெல்லிய பருத்தியாக இருந்தால் தாங்கும் என்பேன். முடியாதென்றால் கரையே இல்லாத, மேல்கையின் நடுவுக்குச் சற்றுக் கீழே முடியும் சாதாரணக் கை வையுங்கள். கரை வைத்த குட்டைக் கையைவிட அது எவ்வளவோ மேல்.

ரவிக்கையை அதனால்தான் கண்டாங்கியிலேயே வெட்டவில்லை. ஒற்றை நிறத்தில், கட்டம் இல்லாத அடர்ந்த அரக்குப் பருத்தி வாங்கிவரச் சொன்னேன். மேலே அடர் நிறம் பின்வாங்கும். கீழே கடுகு மஞ்சளும் கட்டமும் கண்ணைக் கூப்பிடும். சட்டையில் கட்டம், பாவாடை வெறும் நிறம் என்று மாற்றிப் போட்டால் இத்தனை வெட்டு வேலையும் பாதி வீண்.

கையைப் பொருத்தும் இடத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. தோள் நுனியில் கை தொடங்கும் தையல், எலும்பு முடியும் இடத்திலேயே விழ வேண்டும் என்பது பொது விதி. அகன்ற தோளுக்கு அதை அரை அங்குலம் கழுத்தை நோக்கி உள்ளே தள்ளுவேன். தையல் கோடுதான் தோளின் எல்லையாகக் கண்ணுக்குப் படும். பக்கத்துக்கு அரை அங்குலம் என்றால் தோள் ஓர் அங்குலம் குறைந்து தெரியும். ஆனால் இந்த அரை அங்குலம் தோள் நுனியில் மட்டும்தான். கீழே வரும்போது முதுகின் அகலத்தைக் குறைக்கக் கூடாது. விளையாடி வளர்ந்தவர்களுக்கு முதுகும் அகலம். கைவட்டத்தை முழுவதுமே உள்ளே தள்ளி வெட்டினால் ரவிக்கை முதுகில் இழுக்கும். இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே குறுக்கே சுருக்கங்கள் இழுத்துக்கொண்டு வந்தால் முதுகில் துணி போதவில்லை என்று பொருள்.

கையின் மேல் வளைவில் துணி கொஞ்சம் அதிகமாக வைத்து, அதைச் சுருக்கி உள்ளே இழுத்துத் தைப்பது வழக்கம். பருத்தித் துணி அவ்வளவு எளிதில் அடங்காது. அரை அங்குலத்துக்கு மேல் வைத்தால் தோள் நுனியில் குட்டிக் குட்டிச் சுருக்கங்கள் எழும்பும். அவ்வளவுதான், பஃப் வைக்காமலே பஃப் வந்துவிட்டது. தைத்ததும் தோள் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மேடு தட்டினால் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கழுத்துக்கு வருகிறேன். வி கழுத்து என்று சொல்லிவிட்டால் போதாது. எட்டு அங்குல அகலமும் நான்கு அங்குல இறக்கமும் உள்ள வி, பார்வைக்குப் படகுக் கழுத்தின் தங்கைதான். கண் குறுக்கே ஓடும். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, நடுவிலிருந்து ஒரு பக்கத்து அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இறக்கம். இவருக்கு நடுவிலிருந்து பக்கத்துக்கு 3½ அங்குலம், இறக்கம் 7½. தோள் பாதி 8¼-இல் உள்ளே தள்ளிய அரை அங்குலம் போக 7¾. அதில் கழுத்து 3½ போனால் தோள்பட்டைத் துணி 4¼ அங்குலம் நிற்கும். இந்தப் பட்டை அகலமாக இருப்பது முக்கியம். படகுக் கழுத்தில் கழுத்தோரம் தோள் நுனிக்கு அருகே போய்விடுவதால் இரு நுனிகளையும் இணைத்துக் கோடு போட்டதுபோல் ஆகிறது. நூல்போன்ற மெல்லிய பட்டை வைத்தால் நேர்மாறாக, தோள் முழுவதும் வெளியே தெரிந்து அதன் அகலத்தை அளந்து காட்டுகிறது. கழுத்தைச் சுற்றிக் கட்டும் ஹால்டர் இந்த உடல்வாகுக்கு நல்லது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் துணி உள்ளே போகப் போகத் தோளின் உருண்டைத் தசை தனியாக எடுத்துக்காட்டப்படும். அதைக் காட்ட விரும்பினால் தாராளமாக அணியலாம். அடக்க விரும்பினால் அது வழியல்ல.

ஆழமான வி கழுத்தில் ஓர் ஆபத்து, குனிந்தால் வாய் பிளப்பது. வி-யின் சரிவுகள் துணியின் மூலைவாட்டத்தில் வருவதால் தைக்கும்போதே நீண்டுவிடும். அகன்ற தோளும் அளவான மார்பும் உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். கழுத்து விளிம்பின் உட்புறம் நேர்நூல் போக்கில் வெட்டிய மெல்லிய பட்டை ஒன்றை வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு சரிவின் நீளத்தையும்விடப் பட்டை கால் அங்குலம் குறைவு. அது துணியைப் பிடித்துக்கொள்ளும். அளவு பார்க்க வரும்போது நேரே நின்று பார்த்தால் போதாது. கோலம் போடுவதுபோல் குனிந்து பார்க்க வேண்டும்.

சடங்கில் முன்வரிசையில் உட்காருகிறவரை நாள் முழுக்கப் பார்ப்பது பின்வரிசைதான். அதனால் முதுகுக் கழுத்தையும் யோசிக்க வேண்டும். அகலமாக வெட்டும் பானைக் கழுத்து அகன்ற முதுகைத் திறந்து காட்டும். ஒடுக்கமான, ஆழமான யு வடிவத்தில் ஏழு அங்குலம் இறக்கி, மேலே ஒரு நாடா வைத்தேன். நாடா இரு தோள்பட்டைகளையும் நடுநோக்கி இழுத்துப் பிடிக்கும். அதன் குஞ்சங்கள் நேர்கீழாகத் தொங்கும்.

தைத்து முடித்து, நிலைக்கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்த பிறகு கைபேசியில் படம் எடுத்தோம். இதிலும் ஒரு எச்சரிக்கை. முகத்துக்கு நேரே, அருகில் நின்று எடுத்தால் மேலுடல் பெரிதாகவும் கீழுடல் சிறிதாகவும் விழும். அகன்ற தோள்காரர்களுக்கு அந்தப் படம் அநியாயம் செய்யும். பத்தடி தள்ளி நின்று, கைபேசியை இடை மட்டத்தில் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள். தோள் நுனியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு கற்பனை செய்தால், அது பாவாடையின் பக்க மடிப்பைத் தொட வேண்டும். இவருடைய படத்தில் தொட்டது. துப்பட்டாவை இரு தோள்களிலும் விரித்துப் போட முயன்றபோது மட்டும் எல்லாம் கலைந்தது. ஒரே தோளில் நான்கு அங்குல மடிப்பாக, கழுத்துப் பக்கம் தள்ளிக் குத்தி, மறுமுனையை இடையில் செருகியதும் சரியாகிவிட்டது.

சேலையாகவே கட்ட விரும்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். முந்தானை மடிப்பைத் தோள் நுனியில் குத்தாமல் இரண்டு அங்குலம் உள்ளே குத்துங்கள். கஞ்சி போட்ட கண்டாங்கி முந்தானை தோளில் இறக்கைபோல் விறைத்து நிற்கும். அதனால் கஞ்சியில் நனைக்கும்போது கீழ்ப்பகுதியை மட்டும் நனைத்து முந்தானையை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்து ஆச்சிகள் அந்தக் காலத்தில் கட்டிய பின்கொசுவத்தில் மடிப்புகள் எல்லாம் பின்னிடுப்பில் வந்து விரியும். ஒடுங்கிய இடுப்பு பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் நிறைந்து தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் பழைய புகைப்படங்களில் நின்றுகொண்டிருக்கும் ஆச்சிகளைக் கவனித்தால் விளங்கும். இப்போது அதற்கு நேர்மாறாக, மீன்வால் வடிவத்தில் உடலை இறுக்கும் உள்பாவாடைகள் கடைகளில் குவிந்திருக்கின்றன. இடுப்பு ஒல்லியாகத் தெரிய வேண்டியவர்களுக்காகச் செய்யப்பட்டவை அவை. அகன்ற தோளுக்குக் கீழே அதைப் போட்டால் இருக்கும் கொஞ்ச அகலமும் போய்விடும். நாடா வைத்த பழைய பருத்தி உள்பாவாடை இவர்களுக்கு நூறு மடங்கு மேல்.

நான் சொன்ன அளவுகள் எல்லோருக்கும் பொருந்தாது. அந்தப் பெண் ஐந்தடி ஆறு அங்குல உயரம். ஐந்தடிக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பக்கத்துக்கு 28 அங்குலத் துணி பாரமாகிவிடும். பாவாடை அவர்களை விழுங்கிவிடும். அவர்களுக்குப் பக்கத்துக்கு 20 அங்குலம், பின்னால் 16 போதும். கரையும் கை அகலத்துக்கு வேண்டாம், மூன்று அங்குலத்துக்குள் உள்ள சேலையாகப் பாருங்கள். வயிறு சற்று முன்வந்தவர்கள் முன்பக்கத் தட்டைப் பகுதியை எட்டிலிருந்து பத்து அங்குலமாக்கி, பாவாடையின் மேல் விளிம்பை முன்னால் அரை அங்குலம் உயர்த்தி வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாவாடையின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். மார்பு மிகவும் பெரியவர்களுக்கு மட்டும் வி-யின் இறக்கத்தை ஆறரை அங்குலத்தில் நிறுத்துவேன். அவர்களுக்குக் கைக் கரையை இறக்குவதும் பாவாடையின் பக்கங்களை நிரப்புவதுமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.